கருத்தரிப்புக்கு முன் சரிபார்க்க வேண்டியவை: நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உள்ள 33 வயதுப் பெண்ணுக்கும் அவர் கணவருக்கும்

கீழுள்ளவை முடிந்து, உங்கள் ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை கருத்தடை முறையைக் கைவிட வேண்டாம்.

☐ சர்க்கரை: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு இப்போது 7.8 விழுக்காடாக உள்ளது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வராத வகையில் அதை 6.5க்குக் கீழே கொண்டுவர வேண்டும். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் சில வாரங்களில் தாயின் சர்க்கரை உயர்ந்திருந்தால் பிறவிக் குறைபாட்டுக்கும் கருச்சிதைவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வாரங்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரிவதில்லை. கண் விழித்திரைப் பரிசோதனையையும் சிறுநீரகப் பரிசோதனையையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

☐ மருந்துகள்: மெட்ஃபார்மினைத் தொடரலாம். ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதற்குப் பதிலாக லபெட்டலோல் அல்லது நிஃபெடிபின் தரப்படும். கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டட்டினையும் முயற்சிக்கு முன் நிறுத்துவோம். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; கட்டுப்பாடற்ற ரத்த அழுத்தமும் ஆபத்தானதே. தேக்காவில் வாங்கும் லேகியம், சூரணம், ஊரிலிருந்து வரும் பொடி ஆகியவற்றையும் அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவாருங்கள். பெரியவர்கள் அன்போடு தருவதை மறுப்பது கடினம் என்பது தெரியும், ஆயினும் இத்தகைய சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் காணப்பட்டுள்ளன.

☐ ஃபோலிக் அமிலம்: பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும், நீரிழிவு இருப்பதால் உங்களுக்கு 5 மில்லிகிராம் எழுதியுள்ளேன். கருத்தரித்து ஏறத்தாழ 28 நாள்களுக்குள், குழந்தையின் மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் வளரும் நரம்புக்குழாய் மூடிவிடுவதால், பரிசோதனையில் இரட்டைக் கோடு தெரிந்தபின் தொடங்கினால் பயனில் பெரும்பகுதி கிட்டாமல் போய்விடும். இன்றே தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆவது வாரம்வரை உட்கொள்ளுங்கள்.

☐ தடுப்பூசி: உங்கள் பதிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் பாருங்கள். ருபெல்லா அல்லது சின்னம்மை எதிர்ப்புச் சக்தி இல்லையெனில் அவற்றுக்கான ஊசிகளை இப்போதே போட வேண்டும். இவை உயிருள்ள, வலுக்குறைந்த கிருமிகளைக் கொண்டவை என்பதால் கர்ப்ப காலத்தில் போட இயலாது, கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கவும் கூடாது. ஹெப்படைட்டிஸ் பி நிலையும் சோதிக்கப்படும். சளிக்காய்ச்சல் ஊசியையும் கக்குவான் ஊசியையும் கர்ப்ப காலத்திலேயே போடலாம்.

☐ இருவருக்கும்: பரம்பரை ரத்த நோயான தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவரும் ஒரே வகை மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

☐ கணவருக்கு: விந்தணு உருவாக ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும், ஆகவே புகைப்பதை இப்போதே விடுங்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் யாரேனும் டெஸ்டோஸ்டெரோன் ஊசி பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்தக்கூடும்.

இதற்கிடையே மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றே பரிசோதித்து மருந்தகத்தை அழையுங்கள். எனலாப்ரிலை அன்றே மாற்றித் தருவோம்.