அனுமதியின்றிக் கழிக்கப்பட்ட ரூபா 155,574.90ஐ மீள வரவு வைக்கக் கோரும் எழுத்துமூல முறைப்பாடு

உவர்மலை,
திருகோணமலை.
2025 செப்டெம்பர் 17

முகாமையாளர்,
திருகோணமலைக் கிளை.

ஐயா,

டெபிட் அட்டை (இறுதி நான்கு இலக்கங்கள் 4471) – நான் செய்யாத நான்கு கொடுக்கல்வாங்கல்கள்

உங்கள் கிளையில் பதினோரு ஆண்டுகளாக எனக்கு ஓய்வூதியக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து இம்மாதம் 11ஆம் திகதி ஒன்றும் 14ஆம் திகதி மூன்றுமாக நான்கு தொகைகள் கழிக்கப்பட்டிருக்கின்றன. நான்கையும் நான் செய்யவில்லை, எவரையும் செய்யச் சொல்லவுமில்லை. நான்கையும் மறுக்கிறேன். தொகைகளை மீளவும் என் கணக்கில் வரவு வைக்குமாறு கோருகிறேன்.

செப்டெம்பர் 11, பிற்பகல் 3.40: 1 அமெரிக்க டொலர், ரூபா 312.10
செப்டெம்பர் 14, அதிகாலை 2.14: 149 டொலர், ரூபா 46,547.60
செப்டெம்பர் 14, அதிகாலை 2.15: 149 டொலர், ரூபா 46,547.60
செப்டெம்பர் 14, அதிகாலை 2.19: 199 டொலர், ரூபா 62,167.60

நான்கிலும் ஒரே வெளிநாட்டு இணைய வியாபாரியின் பெயர் இருக்கிறது. நான் கேள்விப்படாத பெயர். 2.21க்கு ஐந்தாவதாக ஒரு முயற்சியும் நடந்து, மீதி போதாது என்று மறுக்கப்பட்டிருக்கிறது. கணக்கில் பணம் தீர்ந்ததால்தான் அது நின்றது, வங்கி நிறுத்தியதால் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். திருகோணமலை நகரத்துத் தன்னியக்க இயந்திரங்களுக்கு அப்பால் பெரும்பாலும் போகாத ஓர் அட்டை, நள்ளிரவு கடந்த வேளையில், ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை டொலரில் பொருள் வாங்கியிருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் காது கேட்கும் கருவி அணிபவன். இரவில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குகிறேன். அதனால் குறுஞ்செய்திகள் வந்த சத்தம் எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை 6.15க்கு எழுந்து பார்த்தபோது திரையில் மூன்று கழிவுக்கும் ஒரு மறுப்புக்குமாக நான்கு செய்திகள் வரிசையாக இருந்தன. 6.22க்கு உங்கள் அவசரத் தொலைபேசிப் பிரிவை அழைத்தேன். அதிகாரி கேட்ட கேள்விகளை ஒலிபெருக்கியில் கேட்டு என் மனைவி காதருகில் திருப்பிச் சொல்ல, நானே பதில் சொன்னேன். 6.31க்கு அட்டை முடக்கப்பட்டதாக உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அன்றே கையடக்கத் தொலைபேசியில் பழைய செய்திகளைத் தேடியபோதுதான் 11ஆம் திகதிய ஒரு டொலரையும் கண்டேன். அட்டை வேலை செய்கிறதா என்று யாரோ தட்டிப் பார்த்த தட்டு அது.

மறுநாள் திங்கட்கிழமை காலை கிளைக்கு வந்தேன். அங்கே இரண்டு விடயங்கள் சொல்லப்பட்டன. இரண்டையும் எழுத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, "தொகை இன்னும் தடுத்து வைக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது, கணக்கில் முழுமையாகப் பதிவாகவில்லை; மாத இறுதிக் கணக்குக் கூற்று வந்தபின் படிவம் தாருங்கள்" என்பது. தடுத்து வைக்கப்பட்டிருந்த அந்தத் தொகை செவ்வாய்க்கிழமை 16ஆம் திகதி இறுதியாகக் கழிக்கப்பட்டது. அதாவது, திருட்டு என்று நான் அறிவித்து இரண்டு நாள் கழித்து, நீங்கள் அறிந்திருந்த நிலையில் பணம் போயிருக்கிறது. எனக்குத் தந்த அட்டை விதிமுறைக் கையேட்டின் 14ஆம் பந்தி, கொடுக்கல்வாங்கல் நடந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது. கூற்று வரும்வரை காத்திருக்கும்படி அதில் எங்கும் இல்லை. கூற்று தபாலில் வந்து சேரும்போது ஒக்டோபர் முதல் வாரம் கழிந்துவிடும். 11ஆம் திகதிய தொகைக்குரிய கெடு ஒக்டோபர் 11உடன் முடிகிறது. நான் முப்பத்தொரு ஆண்டுகள் தபாலகத்தில் வேலை செய்து தபாலதிபராக ஓய்வு பெற்றவன். திகதி முத்திரை ஒரு நாள் தள்ளி விழுந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஏழாம் நாளான இன்றே எழுதுகிறேன்.

இரண்டாவது, நான் யாருக்காவது ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொடுத்திருப்பேன் என்பது. கொடுப்பதற்கு அப்படி ஒன்று எனக்கு வரவே இல்லை. நான்கு கொடுக்கல்வாங்கல்களுக்கும் வந்தவை பணம் கழிந்தபின் வந்த அறிவித்தல்களே. உங்கள் குறுஞ்செய்திப் பதிவேட்டைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமலே ஒரு முதியவனிடம் அப்படிச் சொன்னது வருத்தத்துக்குரியது. கடவுச்சொல் கேட்காமலே வியாபாரி பணம் எடுத்திருந்தால், அந்த நட்டத்தை வியாபாரியின் பக்கமே சுமத்தித் திரும்பக் கோரும் வழி அட்டை வலையமைப்பின் விதிகளில் வங்கிக்கு இருக்கிறது. அதற்கும் கெடு உண்டு. அந்தக் கோரிக்கையை இன்றே தொடங்குங்கள்.

மறைக்க எதுவும் இல்லாததால் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். ஜூலை 19ஆம் திகதி இதே அட்டையால் காது கருவிக்கான மின்கலங்களை ஒரு வெளிநாட்டு இணையத்தளத்தில் வாங்கினேன். அன்று கடவுச்சொல் வந்தது, நானே இட்டேன், பொருளும் வந்தது. இணையத்தில் இந்த அட்டை பயன்பட்டது அந்த ஒரே தடவைதான். இலக்கங்கள் அங்கிருந்து கசிந்திருக்கலாம், வேறெங்காவதிருந்தும் இருக்கலாம். அதை விசாரிக்க வேண்டியவர்கள் நீங்கள். அட்டை எப்போதும் என் கையை விட்டுப் போனதில்லை. பழைய சேமிப்புப் புத்தகத்தின் உறைக்குள், ரப்பர் வளையம் போட்டு, அலுமாரியில் இருக்கிறது. இரகசிய இலக்கம் என் மனைவிக்கும் தெரியாது.

எனவே நான் கேட்பவை இவை. ரூபா 155,574.90ஐ, விசாரணை முடியும்வரை தற்காலிகமாகவேனும், உடனே வரவு வையுங்கள். மாரி தொடங்குமுன் கூரை ஓடு மாற்ற ஒதுக்கிய பணம் அது; மேசன் இரண்டு முறை வந்து கேட்டுப் போய்விட்டார். அத்துடன் நாணய மாற்றுக் கட்டணம் ஏதும் தனியாக எடுத்திருந்தால் அதையும் திருப்புங்கள். நான்கு கொடுக்கல்வாங்கல்களும் எந்த முறையில் உறுதிப்படுத்தப்பட்டன, கடவுச்சொல் அனுப்பப்பட்டதா, அனுப்பப்பட்டிருந்தால் எந்த இலக்கத்துக்கு எத்தனை மணிக்கு என்பதை எழுத்தில் தாருங்கள். ஞாயிறு காலை 6.22 அழைப்பின் ஒலிப்பதிவை அழியாமல் வையுங்கள். புதிய அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவை நான் கேட்கும்வரை திறக்க வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்ததை முறைப்பாட்டு இலக்கத்துடன் உடனே உறுதிப்படுத்தி, 14 நாட்களுக்குள் முடிவை எழுத்தில் அறிவிக்குமாறு கேட்கிறேன். தயவுசெய்து தொலைபேசியில் முடிவு சொல்ல வேண்டாம். எனக்குக் கேட்காது, பின்னர் காட்டவும் முடியாது. திருப்தியான பதில் வராவிட்டால், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைச் சுட்டி, இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு இக்கோப்பை அப்படியே அனுப்புவேன்.

பொலிஸ் நிலையத்தில் 15ஆம் திகதி முறைப்பாடு செய்திருக்கிறேன். அதன் பிரதி, குறுஞ்செய்திகளின் அச்சுப் பிரதி, நிரப்பிய மறுப்புப் படிவம், தேசிய அடையாள அட்டையின் பிரதி ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு பிரதியைக் கிளையில் நேரில் கொடுத்துத் திகதி முத்திரை பெறுகிறேன். மற்றது பதிவுத் தபாலில் கொழும்பு அட்டைப் பிரிவுக்குப் போகிறது.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

க. சிவராசா
(ஓய்வுபெற்ற தபாலதிபர்)

பிரதி: அட்டைப் பிரிவு, தலைமை அலுவலகம், கொழும்பு – பதிவுத் தபாலில்