காசிமேடு மீன் வறுவல் வீடியோ: முதல் 10 நாள் ரிப்போர்ட்

வணக்கம் மேடம்,

உங்கள் மசாலாவுக்காகக் காசிமேட்டில் எடுத்த வீடியோ 1,84,000 வியூஸ் தொட்டிருக்கிறது. எங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

9 நிமிட வீடியோவைச் சராசரியாக 4 நிமிடம் 10 விநாடி பார்த்திருக்கிறார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: 2:15-இல் நான் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்ததும் ரிட்டென்ஷன் கிராஃப் சரிகிறது. மசாலா தடவிய வஞ்சிரத் துண்டைக் கல்லில் போட்டதும் ஏறுகிறது. பலர் பின்னால் தள்ளி மறுபடி பார்த்திருக்கிறார்கள். அடுத்த முறை பேச்சைக் கல் பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம்.

கமெண்ட் 412. பாதிப் பேர் மீன் விலையைத்தான் கேட்கிறார்கள், அது எப்போதும் நடப்பது. ஆனால் 37 பேர், "தண்டையார்பேட்டைல எந்தக் கடைல கிடைக்கும், 10 ரூபா பாக்கெட் இருக்கா?" என்கிறார்கள். பதில் அனுப்பினால் இன்றே அதைக் கமெண்ட்களுக்கு மேலே பின் செய்துவிடுகிறேன். உப்பு தூக்கல் என்று 6 பேர், ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.