டெக் கேடட் பயிற்சி இடத்திற்கான விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்
ஆ. ஷெரின் மேரி
நீரோடி, கொல்லங்கோடு வழி
கன்னியாகுமரி மாவட்டம்

பெறுநர்
மேலாளர் அவர்கள்
கடற்பணியாளர் பயிற்சிப் பிரிவு
சென்னை

நாள்: 09.02.2026

பொருள்: நாட்டிக்கல் சயின்ஸ் டிப்ளமோ, ஆகஸ்ட் 2026 சேர்க்கை, டெக் கேடட் ஸ்பான்சர்ஷிப் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். டெக் கேடட் தேர்வு குறித்த தங்கள் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். விருப்பக் கடிதத்தைத் தாய்மொழியில் எழுதலாம் என்று அதில் இருந்ததால் தமிழில் எழுதியுள்ளேன். ஆங்கிலத் தன்விவரத்தைத் தனியாக இணைத்துள்ளேன்.

தகுதி: 2024 மார்ச்சில் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ தேறினேன். இயற்பியல் 84, வேதியியல் 79, கணிதம் 88. மூன்றின் சராசரி 83.67 சதவீதம். ஆங்கிலம் 81. வயது 19. பாஸ்போர்ட் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் இரு கண்ணுக்கும் 6/6, நிறக்குருடு இல்லை என்று கண் மருத்துவர் தந்த சான்றை இணைத்துள்ளேன். இது முன்பரிசோதனை மட்டுமே. கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் செய்ய வேண்டிய முழுப் பரிசோதனைக்குத் தாங்கள் சொல்லும் தேதியில் வருகிறேன். சி.டி.சி இன்னும் எடுக்கவில்லை. ஐ.எம்.யூ நுழைவுத் தேர்வை இந்த ஆண்டு எழுதுகிறேன்.

பிளஸ் டூவுக்குப் பிறகு, 2024 ஜூலை முதல் தேங்காய்ப்பட்டணத்தில் படகு மின்னணுக் கருவிகள் பொருத்தும் பட்டறையில் உதவியாளராக இருக்கிறேன். வி.எச்.எஃப், ஜி.பி.எஸ், எக்கோ சவுண்டர், ஏ.ஐ.எஸ் இவற்றைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் வேலை. வி.எச்.எஃப் ரேடியோவில் அதிகம் வரும் புகார் ஒன்று: "எல்லாம் கேக்குது, நாங்க பேசுனா யாருக்கும் கேக்கல." கேட்கும்போது செட் அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும், 25 வாட்டில் பேச மைக்கை அழுத்தினால் ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். வழியில் ஃபியூஸ் ஹோல்டரில் உப்பேறிப் பச்சை பிடித்திருந்தால் மின்னழுத்தம் அங்கேயே விழுந்துவிடும். அதனால் அவசர அழைப்புக்கான 16 அல்லாத ஒரு சானலில் மைக்கை அழுத்திப் பிடித்தபடி பேட்டரி முனையிலும் செட்டின் பின்பக்கத்திலும் மீட்டர் வைத்துப் பார்ப்போம். பேட்டரியில் 12.4, செட்டில் 10.1 என்றால் கோளாறு கம்பியில். புது பேட்டரி வாங்கிப் பயனில்லை. அழுத்தாமல் அளந்தால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் காட்டும், பழுது பிடிபடாது. கேட்கிற ரேடியோ பேசும் என்று நம்பிக் கடலுக்குப் போகிறவர்களே அதிகம்.

இது டெக் கேடட் வேலை அல்ல என்று தெரியும். ஆனால் கப்பல் பிரிட்ஜில் நிற்பவருக்கு மீன்பிடிப் படகு ஏன் பதில் சொல்வதில்லை, ஏன் ரேடாரில் தெரிவதில்லை என்பதைப் படகின் பக்கத்திலிருந்து அறிந்திருக்கிறேன். என்னைப் பரிசீலிக்க நான் சொல்லும் முதன்மைக் காரணம் அதுதான்.

தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் ஆழ்கடலில் நெடுந்தூண்டில் போடுபவை. மோதல் தடுப்பு விதி 26 படி இழுவலைப் படகு வெள்ளைக்கு மேல் பச்சையும், மற்ற மீன்பிடிப் படகு வெள்ளைக்கு மேல் சிவப்பும் காட்ட வேண்டும். நடைமுறையில் மேல்தட்டில் எரியும் எல்.இ.டி விளக்கின் வெளிச்சத்தில் இரண்டும் மறைந்துபோகும். தூண்டில் 150 மீட்டருக்கு மேல் நீண்டால் அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு வேண்டும். அதைப் பல படகுகளில் பார்க்க முடியாது. படகின் பின்னால் சுற்றிப் போனால் போதும் என்று நினைக்கும் கப்பல் சில சமயம் தூண்டில் மேலேயே போகிறது. தூண்டிலோடு மிதக்கும் கொடிக்கம்புகளில் சின்ன மினுக்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். பைனாகுலரில் முதலில் தேட வேண்டியது அந்த வரிசையை. மரம், ஃபைபர் உடல்களின் ரேடார் எதிரொலி மெலிது. கச்சான் காற்றில் அலை எதிரொலியைக் குறைக்க ஸீ கிளட்டரை அளவுக்கு மீறிக் கூட்டினால் அலையோடு படகும் திரையிலிருந்து போய்விடும்.

நாள்காட்டியும் முக்கியம். மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது. அதற்கு மறுநாள் இந்தக் கரையை ஒட்டி வரும் கப்பலுக்கு, முந்தின நாள் வெறுமையாக இருந்த கடல் படகுகளால் நிறைந்திருக்கும். 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. பெரிய கண்டெய்னர் கப்பல்களின் போக்குவரத்து இப்போது எங்கள் கரைக்குப் பக்கத்திலேயே.

கரையில் பெரியவர்கள் கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடிக்கும் கணிச்சமும் எனக்குப் பழக்கம்: கோயில் கோபுரமும் பின்னால் மலை முகடும் ஒரே கோட்டில் வந்தால் ஒரு கோடு, வேறு திசையில் இன்னொரு ஜோடி, இரண்டும் வெட்டும் இடமே பார். சார்ட்டில் டிரான்ஸிட் பேரிங் என்று வருவது இதே கணக்கு. திசைகாட்டிப் பிழையைச் சரிபார்க்கவும் அதைப் பயன்படுத்தலாம் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கேப்டன் ராதிகா மேனன் பெயர் பெண்களின் விண்ணப்பங்களில் அடிக்கடி வரும் என நினைக்கிறேன். நான் குறிப்பிடுவது ஒரு கயிற்று ஏணிக்காக. 2015 ஜூனில் வங்கக் கடலில் அவர் ஏழு மீனவர்களைக் காப்பாற்றிக் கப்பலுக்கு ஏற்றியது பைலட் ஏணி வழியே. அந்த ஏணியை எடுத்து வைப்பதும் படி, கயிறு, ஸ்ப்ரெடர் பார்ப்பதும் கேடட் கற்கும் முதல் வேலைகளில் ஒன்று. படிகளுக்கு இடையே 31 முதல் 35 சென்டிமீட்டர்; நீர்மட்டத்திலிருந்து ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேல் என்றால் அக்கமடேஷன் ஏணியோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற அளவுகளைப் படித்து வைத்திருக்கிறேன். கையால் இன்னும் கட்டியதில்லை.

குறைகளையும் சொல்கிறேன். பெரிய கப்பலில் ஏறியதில்லை. சிறு படகில் குமட்டல் வந்ததில்லை, கப்பலின் நீண்ட ஆட்டத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. தமிழும் மலையாளமும் சரளம். இந்தி கேட்டால் புரியும், பேச்சு தட்டுத்தடுமாறும். ஆங்கிலம் எழுதுவேன், வேகமாகப் பேசும்போது தயங்குவேன். அதற்காகக் கடல்சார் நிலையான சொற்றொடர்களைத் தினமும் உரக்கச் சொல்லிப் பழகுகிறேன்: 150 என்றால் 'ஒன் ஃபைவ் ஜீரோ' என இலக்கம் இலக்கமாகச் சொல்வது, சுக்கான் ஆணை வந்தால் அதைத் திருப்பிச் சொல்வது.

மூன்று விவரங்கள் தெரிந்தால் உதவியாக இருக்கும். படிப்புக்குப் பின் வரும் 18 மாதக் கடல் பயிற்சி எத்தனை ஒப்பந்தங்களாகப் பிரியும்? பயிற்சிப் பதிவேட்டைக் கப்பலில் எந்த அதிகாரி வாராவாரம் பார்ப்பார்? ஒரே கப்பலில் இரண்டு பெண் கேடட்களைச் சேர்த்து அனுப்பும் வழக்கம் உண்டா? கடைசியது நிபந்தனை அல்ல, வீட்டில் கேட்பார்கள்.

தேர்வானால் ஸ்பான்சர்ஷிப் கடிதத்தைக் கல்லூரிச் சேர்க்கை முடிவதற்கு மூன்று வாரம் முன்னதாகத் தந்தால் நல்லது. கல்விக் கடனுக்கு வங்கி அதைக் கேட்கிறது. நேர்முகத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் தகவல் கிடைத்தால் நாகர்கோவிலிலிருந்து இரவு ரயில் பிடித்துச் சென்னை வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆ. ஷெரின் மேரி

இணைப்பு: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், பாஸ்போர்ட் நகல், கண் பரிசோதனைச் சான்று, பட்டறை அனுபவச் சான்று, ஆங்கிலத் தன்விவரம்.