எந்தப் படியில் நின்றுபோனார்? நிறுவன நடத்தைப் பாடத்தின் நிகழ்வுக் கேள்விகளும் விடைகளும்

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கமிருந்து மாலை வகுப்புக்கு வரும் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு எழுதியது. பன்முகத்தன்மை மேலாண்மைப் பகுதியில் இலக்கணத்தை மட்டும் கேட்டால் யாரும் தப்பிவிடலாம். ஆனால் தேர்வில் ஒரு நிகழ்வைக் கொடுத்து "பகுப்பாய்க" என்கிறார்கள். மாதிரித் தேர்வில் பலர் அந்த நிகழ்வையே வேறு சொற்களில் திருப்பி எழுதி, கடைசியில் "விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும்" என்று முடித்திருந்தீர்கள். அதற்கு என்னால் இரண்டு மதிப்பெண்தான் போட முடிந்தது. எந்த நிகழ்விலும் முதலில் ஒன்றைத் தேடுங்கள்: ஆள் எந்தப் படியில் நின்றுபோகிறார், அந்தப் படியில் முடிவெடுப்பவர் யார்?

கேள்வி 1 (16 மதிப்பெண்)

கஞ்சிக்கோட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. தொழிலாளர் 90 பேரில் 48 பேர் பெண்கள். சூப்பர்வைசர்கள் 12 பேரில் பெண்கள் 3 பேர். மேனேஜர்கள் 6 பேரில் ஒரு பெண்ணும் இல்லை. மல்லிகா 11 ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை மேனேஜர் பதவி காலியானது. மூன்று முறையும் அவரிடம் வேலை பழகிய ஆண்களுக்கே அது போனது. பொது மேலாளர் சொல்கிறார்: "கோயம்புத்தூர், ஓசூர்னு கஸ்டமரைப் பார்க்க அலையணும். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. பாவம், சிரமப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டோம்." மல்லிகாவிடம் யாரும் கேட்கவில்லை. சிக்கலை அடையாளம் கண்டு தீர்வு கூறுக.

விடை

கண்ணாடிக் கூரை என்ற சொல்லை 1978-இல் அமெரிக்காவில் மேரிலின் லோடன் ஒரு கலந்துரையாடலில் பயன்படுத்தினார். மேலே இருக்கும் பதவி கண்ணுக்குத் தெரிகிறது, விதி எதுவும் தடுக்கவில்லை, ஆனாலும் ஏற முடியவில்லை என்பதே அதன் பொருள். மல்லிகாவின் நிலை இதில் அப்படியே பொருந்துகிறது என்று எழுதிவிடத் தோன்றும். அதற்கு முன் எண்களைப் பாருங்கள்.

பெண்களின் பங்கு தொழிலாளரில் 53%, சூப்பர்வைசரில் 25%, மேனேஜரில் 0%. கடைசிச் சுழிதான் கண்ணை உறுத்தும். ஆனால் 25% பெண்கள் உள்ள குழுவிலிருந்து பாரபட்சமே இல்லாமல் ஆறு பேரை எடுத்தாலும், ஆறு பேரும் ஆண்களாக அமைய 0.75-இன் ஆறாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 18% வாய்ப்பு உண்டு. ஆகவே அந்தச் சுழி மட்டும் சாட்சி ஆகாது. கீழ்ப்படிக்கு வாருங்கள். 53% பெண்கள் உள்ள கூட்டத்திலிருந்து 12 சூப்பர்வைசர்களை எடுக்கும்போது பெண்கள் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ வர வாய்ப்பு சுமார் 5%. இருபதில் ஒரு தடவை நடக்கக்கூடியது. ஆக, கேள்வி மல்லிகாவைக் காட்டுகிறது, எண்களோ மிஷினருகே நிற்கும் பெண்களைக் காட்டுகின்றன. கீழ்ப்படியிலேயே கால் ஒட்டிக்கொள்ளும் இந்த நிலைக்கு ஒட்டும் தரை என்று பெயர். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்படி எழுதுபவருக்குத்தான் முழு மதிப்பெண்.

அப்படியானால் மேல்படிக்குச் சாட்சி எங்கே? பொது மேலாளரின் வாயில். "பாவம்" என்ற ஒரு சொல் போதும். கிளிக், ஃபிஸ்க் என்ற இரு உளவியலாளர்கள் 1996-இல் பாலினப் பாகுபாட்டை இரண்டாகப் பிரித்தார்கள்: பகையோடு வருவது, பரிவோடு வருவது. இரண்டாவது வகையைக் கண்டுபிடிப்பது கடினம். செய்பவர் தன்னை நல்லவராகவே நினைப்பார், கேட்பவருக்கும் கோபம் வராது. இதுவே வேறு ஆளாக இருந்தால், இரண்டு பிள்ளைகள் உள்ள ஆணுக்கு "குடும்பஸ்தன், பொறுப்பு வரும்" என்று அதே காரணம் தகுதியாகியிருக்கும்.

பரிவே விதியாகவும் இருந்த காலம் உண்டு. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கும் என்று அரசு கருதினால் பதவி விலகச் சொல்லலாம் என்று அப்போது விதி இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் தீர்ப்பெழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நம் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்துக்காரர். அந்த விதிகளை அவர் கடுமையாகக் கண்டித்தார். வழக்கு நடக்கும்போதே அரசு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டது. (இதை வகுப்பில் சொன்னபோது, "நம்ம ஊர்க்காரரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் தேர்வில் மறக்காமல் எழுதவும்.)

இனித் தீர்வு. கலேவ், டாபின், கெல்லி ஆகியோர் 2006-இல் அமெரிக்காவின் 708 தனியார் நிறுவனங்களின் பல ஆண்டுத் தரவை ஆராய்ந்தார்கள். மேலாளர் பதவிகளில் பன்முகத்தன்மையைக் கூட்டுவதில் பயிற்சி வகுப்புகளின் பலன் மிகக் குறைவு. இன்னாருக்குத்தான் இது பொறுப்பு என்று ஆளையோ குழுவையோ நியமித்த இடங்களில்தான் அதிக மாற்றம். இதை வைத்து நம் தொழிற்சாலைக்கு எழுதுங்கள். காலியிடத்தை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். இப்போது அது டீ நேரத்தில் நாலு பேருக்குள் முடிவாகிறது. பயணம் உண்மையில் மாதம் எத்தனை நாள் என்று கணக்கெடுக்க வேண்டும். கஞ்சிக்கோட்டிலிருந்து கோயம்புத்தூர் போய்வர ஒரு பகல் போதும், ஓசூர்தான் ராத் தங்கல். தகுதியான எல்லாரிடமும், ஆண்களிடமும், "விருப்பமா?" என்று ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். தேர்ந்தெடுக்காதவருக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இந்த மூன்று படிகளின் விகிதத்தையும் நிர்வாகக் கூட்டத்தில் பொது மேலாளரே வாசிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் அது வேலை செய்யும்.

கேள்வி 2 (16 மதிப்பெண்)

அதே தொழிற்சாலை. நிரந்தரத் தொழிலாளர் பெரும்பாலும் மலையாளம் பேசுபவர்கள், பகல் ஷிப்ட். தமிழ் பேசுபவர்கள் பாதி நிரந்தரம், பாதி ஒப்பந்தம். ஒடிசா, பீகார்க்காரர்கள் எல்லாரும் ஒப்பந்தம், இரவு ஷிப்ட். கூட்டமும் பாதுகாப்பு அறிவிப்பும் மலையாளத்தில் மட்டும். ஒரு கூட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர் தமிழும் மலையாளமும் கலந்து பேச, பின்னாலிருந்து "பாண்டி" என்று ஒரு குரல், சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் கூட்டத்தில் பேசுவதில்லை. மேனேஜர்: "எங்க ஃபேக்டரியில நாலு மாநிலத்து ஆளுங்க இருக்காங்க. இதைவிட டைவர்சிட்டி வேணுமா?" எல்லாரும் மூன்று மாதத்தில் மலையாளம் கற்க வேண்டும் என்று உத்தரவிட நினைக்கிறார். மதிப்பிடுக.

விடை

மேனேஜர் தலை எண்ணுகிறார். பன்முகத்தன்மை என்பது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு. உள்ளடக்கல் என்பது அவர்களில் யாருடைய பேச்சு எடுபடுகிறது என்பது. ஷோர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் இதற்கு இரண்டு அளவுகோல் வைத்தார்கள்: "நான் இந்தக் கூட்டத்தில் ஒருவன்" என்ற உணர்வு, "நான் நானாகவே இருக்கலாம்" என்ற உணர்வு. இரண்டும் இருந்தால் உள்ளடக்கல், இரண்டும் இல்லையென்றால் விலக்கல். உன் தனித்தன்மையைக் கழற்றிவைத்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்பது கரைத்தல். மேனேஜரின் மூன்று மாத உத்தரவு அந்த வகை.

மலையாளம் கற்பது தவறா? இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் வாழ்பவருக்கு அது லாபம், நம்மில் பெரும்பாலோர் அரைகுறையாகவாவது பேசத்தான் செய்கிறோம். ஆனால் ஒரு தரப்பு மட்டும் கற்க வேண்டும், அதுவும் கெடு வைத்து என்னும்போது, சிரித்தவருக்கு எந்த வேலையும் இல்லை, சிரிப்புக்கு ஆளானவருக்கு வீட்டுப்பாடம்.

இதைவிட முக்கியமானதைப் பலர் கவனிப்பதில்லை. மொழி, வேலை வகை, ஷிப்ட் மூன்றும் எங்கே ஒரே கோட்டில் விழுகின்றன என்று பாருங்கள். லாவ், மர்னிகன் 1998-இல் இதைப் பிளவுக்கோடு என்றார்கள். பூமியில் பிளவு ஓடும் இடத்தில்தான் நில அதிர்வு வரும் என்பது போல, வேற்றுமைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் இடத்தில் குழு உடையும். இங்கே ஒடிசா, பீகார்க்காரர் என்றாலே ஒப்பந்தம், ஒப்பந்தம் என்றாலே இரவு. அவருக்கும் நிரந்தரக்காரருக்கும் முகம் பார்க்கவே நேரமில்லை. தமிழர்கள் மட்டும் கோட்டின் இரு பக்கமும் நிற்கிறார்கள். பாலமாகக்கூடியவர்கள் அவர்களே, வாயடைத்துப் போனவரும் அவர்களில் ஒருவரே. நிறுவனம் தன் பாலத்தைத் தானே இடித்துக்கொண்டது என்று எழுதினால் திருத்துபவர் நிறுத்திப் படிப்பார்.

செய்ய வேண்டியது: பாதுகாப்பு அறிவிப்பு மலையாளம், தமிழ், இந்தி மூன்றிலும் படத்தோடும் இன்றே வேண்டும். பிரஸ் மிஷினில் கை போன பிறகு மொழிக்கொள்கை பேசிப் பயனில்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டமே 1969-இல் இடம் வைத்திருக்கிறது. அரசால் முடிந்தது ஒரு தொழிற்சாலைக்கு முடியாதா? அப்புறம், ஷிப்டை மொழி பார்க்காமல் சுழற்ற வேண்டும், கோடு கலையும். "பாண்டி" என்ற குரலுக்கு மேனேஜர் அதே இடத்தில், அதே நிமிடம் பதில் சொல்லியிருக்க வேண்டும். இனி அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும்.

கேள்வி 3 (5 மதிப்பெண்)

பாலக்காட்டு ஜவுளிக்கடை ஒன்று திருநங்கை ஒருவரை விற்பனையாளராக எடுத்தது. நல்ல விற்பனை. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார். "அவங்களுக்கு நிலையா வேலை செய்யப் பிடிக்கல" என்கிறார் முதலாளி. கருத்துரைக்க.

விடை

முதலாளி சூழலைப் பார்க்காமல் ஆளின் குணத்தில் காரணம் தேடுகிறார். காரணமேற்றலில் இது அடிப்படைப் பிழை. 2017-இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது. தங்க வீடு கிடைக்காமல் சிலர் சில வாரங்களிலேயே விலகினார்கள். வேலை இருந்தது, வாடகைக்கு விட ஆளில்லை. முதலாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ராத்திரி எங்க தங்கினீங்க?" இரண்டாவது, கடையில் எந்தக் கழிவறையைப் பயன்படுத்தச் சொன்னார்கள்.

கேள்வி 4 (5 மதிப்பெண்)

பங்குச்சந்தையில் பதிவான குடும்ப நிறுவனம் ஒன்று, சட்டப்படி ஒரு பெண் இயக்குநர் வேண்டும் என்பதால் நிர்வாக இயக்குநரின் மனைவியை நியமித்தது. கண்ணாடிக் கூரை உடைந்ததா?

விடை

2013 நிறுவனச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு நிறைவேறியது, அவ்வளவே. ரோசபெத் மாஸ் கான்டர் 1977-இல் சொன்ன அடையாளத்துக்கு ஒருவர் என்ற நிலை இது. இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் செபி, பெரிய நிறுவனங்களுக்குச் சார்பற்ற பெண் இயக்குநர் வேண்டும் என்று பிறகு விதித்தது. ஆனால் மனைவி என்பதாலேயே திறமையில்லாதவர் என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் பாகுபாடுதான்.

வியாழக்கிழமைக்குள் எழுதி வர

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20% போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இங்கே கண்ணாடிக் கூரை கம்பெனியில் இருந்ததா, சங்கத்தில் இருந்ததா? ஒரு பக்கம் போதும்.