நனையாத ஒரு நூலகம் வேண்டும் 📚

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டப் பாடசாலையில் நான் நூலகப் பொறுப்பாசிரியை. இங்கேயே படித்தவள். தரம் 1 முதல் 11 வரை 212 பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரும்பாலும் லயத்துப் பிள்ளைகள்.

நூலகம் என்று நாங்கள் சொல்வது ஒரு சின்ன அறை. போன வருடம் மழையில் கூரைத் தகரம் ஒழுகி, கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்கள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டன. வெயில் வந்த நாளில் பிள்ளைகளே அவற்றை வாங்குகளில் விரித்துக் காயவைத்தார்கள். பாதிக்கு மேல் தேறவில்லை. மிஞ்சிய ஒரு கதைப் புத்தகத்தை ஒரே தவணையில் 19 பேர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், இரவல் கொப்பியில் கையெழுத்து இருக்கிறது. அட்டை போய்விட்டது, கடைசிப் பக்கமும் இல்லை. முடிவு என்ன என்று ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் வந்து கேட்கும். வாசிக்க ஆசையில்லாத பிள்ளைகள் என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

தேவையானது மொத்தம் 310,000 ரூபாய். கூரை திருத்த 60,000, இரண்டு இரும்பு அலுமாரிக்கு 90,000, சுமார் 300 புத்தகங்களுக்கு 150,000, ஏற்றிவரும் கூலி 10,000. கூரைக்கும் அலுமாரிக்கும் தலா மூன்று இடங்களில் விலை கேட்டு, அந்தக் கடிதங்களைப் படமெடுத்துக் கீழே போட்டிருக்கிறோம்.

இதுவரை 84,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் தந்தது போக, அதில் 31,000 பெற்றோருடையது. அரைப் பேர் விழுந்து அரைநாள் சம்பளமே கிடைத்த மாதத்திலும் கொழுந்தெடுக்கும் அம்மாமார் நூறும் இருநூறுமாகக் கொண்டுவந்து தந்த காசு அது. அதை எண்ணி வாங்கிய கைக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லும் கடமை இருக்கிறது. இன்னும் 225,500 தேவை.

காசு யாருடைய சொந்தக் கணக்குக்கும் போகாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கு மட்டும்தான். கணக்கு இலக்கத்தை இங்கே பகிரங்கமாகப் போடவில்லை, அதை மாற்றிப் பரப்பிவிடுவார்கள் என்ற பயம். உள்பெட்டியில் கேளுங்கள், தருகிறோம். அனுப்புவதற்கு முன் அதிபர் அலுவலகத்துக்கு ஒருதரம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம். பற்றுச்சீட்டு கட்டாயம் வரும். மாதம் முடிய வரவு செலவு இதே பக்கத்தில் வரும். மிச்சம் வந்தால் அதுவும் புத்தகத்துக்கே.

அப்புறம் ஒன்று. பிள்ளைகளின் முகத்தைக் காட்டி உதவி கேட்க எங்களுக்கு மனமில்லை. அதனால்தான் படத்தில் அறை மட்டும் இருக்கிறது.

காசு தர முடியாதவர்கள் நல்ல நிலையில் உள்ள தமிழ்ச் சிறுவர் கதைகள், அகராதி, பொது அறிவுப் புத்தகங்கள் அனுப்பலாம். பழைய வினாத்தாள் தொகுப்புகள் போதியளவு இருக்கின்றன, அவை வேண்டாம்.

மே மாத மழைக்கு முன் கூரை வேலை முடிய வேண்டும். மார்ச் 31க்குள் உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். 🙏