விரல்கள் தெரிய வேண்டும்

காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் புராஜெக்ட் டெமோ எடுக்க வேண்டும். பத்து நிமிட வீடியோ, முழுத் தெளிவில். அதற்கே ஒன்றேகால் ஜிபி போய்விடும். மலர்விழியின் போனில் மிச்சம் இருந்ததோ 200 எம்பி. ஹாஸ்டல் வைஃபையை இரவு பத்து மணிக்கே நிறுத்திவிட்டார்கள். அன்றைய டேட்டாவும் தீர்ந்திருந்தது. எதையும் எங்கும் ஏற்றி வைக்க வழியில்லை.

"எல்லாத்தையும் கம்ப்ரஸ் பண்ணுடி" என்றாள் அறைத்தோழி ரேவதி.

முயன்றாள். இடம் போதாது என்றது போன். சுருக்கிய கோப்பை முழுதாக எழுதி முடித்த பிறகுதானே பழையதை அழிக்க முடியும்? முதலில் கொஞ்சமாவது காலியாக வேண்டும். வாட்ஸப் ஃபார்வர்டுகளை அழித்தாள், குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் நீக்கினாள்.

அப்புறம் வகுப்பு வீடியோக்கள். அசையாத கரும்பலகை, நின்ற இடத்திலேயே பேசும் பேராசிரியர். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் பெரிதாக மாற்றமில்லாததால் அவை நன்றாகச் சுருங்கின. எழுத்தும் குரலும் தெளிவாகவே இருந்தன. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்தது, போன் சுட்டது. மணி பதினொன்று.

"தம்பி ஃபோல்டர்தான் பெருசா இருக்கு. 240-க்கு இறக்கிடு, குரல் கேட்டா போதாதா?" என்ற ரேவதி, சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். காசிக்குக் காது கேட்காது. அந்த வீடியோக்களில் குரலே இல்லை. மணப்பாறை வீட்டு முற்றத்தில் நின்று அவன் கையால் பேசுவான்: ஆடு குட்டி போட்டதை, கணக்குத் தேர்வை, அம்மாவோடு போட்ட சண்டையை.

ஒன்றை மட்டும் சுருக்கிப் பார்த்தாள். முகம் அடையாளம் தெரிந்தது. ஆனால் வேகமாக ஓடும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழவென்று ஆகியிருந்தன. சாயங்காலம் மங்கிய வெளிச்சத்தில் எடுத்தது வேறு. இறகுப்பந்து வாங்கி வரச் சொல்கிறான், எத்தனை என்று விரலை நீட்டுகிறான். இரண்டா மூன்றா?

சுருக்கியதை அழித்துவிட்டாள். அசல் இருக்கட்டும்.

இன்னும் 600 எம்பி வேண்டும். ஹாஸ்டல் தின விழாவில் அவள் ஆடிய கரகாட்டம் இருந்தது, 700 எம்பி. வேறு யாரிடமும் பிரதி இல்லை.

"அதையாடி? உன் ஆட்டத்துக்கு ஹாலே எந்திரிச்சு நின்னுச்சே!"

"அடுத்த வருஷமும் ஆடுவேன். நீயே எடுத்துக் கொடு."

அழித்தாள். பிறகு ரேவதியின் டேபிள் விளக்கைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, போனை வாட்டர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். வீட்டில் தம்பி இன்னும் தூங்கியிருக்க மாட்டான். ரேவதியிடம் மிச்சமிருந்த கொஞ்ச டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு விரலும் தெரியும்படி நிதானமாகக் கையசைத்தாள்: இனிமேல் பகலில், முற்றத்து வெயிலில் நின்று பேசு. சரி, இறகுப்பந்து இரண்டா, மூன்றா?