மருந்துக்கடையில் ஒரு பேச்சு: காய்ச்சல், சளி, எத்தனை வேளை?

தமிழ் பேச இப்போதுதான் பழகுகிறவர்களுக்கான உரையாடல் இது. இடம், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடை. ஐப்பசி மாதம், வெளியே மழை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வரும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கும் காய்ச்சல், வீட்டில் ஐந்து வயதுப் பையனுக்கும் காய்ச்சல். கடையில் நிற்கிற மருந்தாளுநர் ஐம்பதைத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கம் அப்படிப்பட்டவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சிலும் கொஞ்சம் நெல்லை வாடை இருக்கும். ‘சொல்கிறேன்’ என்பது இங்கே ‘சொல்லுதேன்’, ‘எப்போது’ என்பது ‘எப்பம்’. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும்.

என்ன செய்கிறது என்று சொல்வது

வந்தவர்: அண்ணாச்சி, காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க.

அண்ணாச்சி: யாருக்கும்மா?

வந்தவர்: எனக்குத்தான்.

அண்ணாச்சி: எப்பம் இருந்து காய்ச்சல்?

வந்தவர்: நேத்து ராத்திரியில இருந்து.

அண்ணாச்சி: வேற என்ன பண்ணுது?

வந்தவர்: தலை வலிக்குது. உடம்பெல்லாம் வலி. மூக்கு ஒழுகுது. தும்மல் நிக்கவே மாட்டேங்குது.

அண்ணாச்சி: தொண்டை வலி இருக்கா?

வந்தவர்: வலி இல்ல, லேசா கரகரன்னு இருக்கு.

அண்ணாச்சி: வாந்தி, வயித்து வலி?

வந்தவர்: அதெல்லாம் இல்ல.

அண்ணாச்சி: மூச்சு விடச் சிரமமா இருக்கா?

வந்தவர்: இல்ல அண்ணாச்சி.

அண்ணாச்சி: தினமும் வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா?

வந்தவர்: பிரஷருக்கு காலையில ஒண்ணு.

அண்ணாச்சி: நல்லவேளை சொன்னீங்க. முன்னாடி எந்த மாத்திரையாவது ஒத்துக்காம போயிருக்கா? தடிப்பு, அரிப்பு அந்த மாதிரி?

வந்தவர்: இதுவரைக்கும் இல்ல.

அண்ணாச்சி: கேக்கணும், அதனால கேக்கேன். மாசமா இருக்கீங்களா? பிள்ளைக்குப் பால் குடுக்கீங்களா?

வந்தவர்: ரெண்டும் இல்ல.

‘ஒரு செட் குடுங்க’ என்று கேட்பது நம் ஊரில் பழக்கம். நான்கைந்து மாத்திரையை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிப் போவது. அதில் எது என்ன மாத்திரை என்று வாங்கியவருக்கும் தெரியாது. நீங்கள் புதிதாகத் தமிழ் பேசுகிறவர் என்றால் அந்த வாக்கியத்தைப் பழகவே வேண்டாம். யாருக்கு, எப்போதிலிருந்து, என்ன செய்கிறது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், இந்த நான்கையும் சொல்லப் பழகினால் போதும். இலக்கணம் பிசகினாலும் அண்ணாச்சிக்குப் புரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். தலை, வயிறு, கால் எல்லாவற்றுக்கும் ‘வலிக்குது’ சரியாக வரும். காய்ச்சலுக்கும் சளிக்கும் ‘இருக்கு’ போதும்: ‘எனக்குக் காய்ச்சல் இருக்கு’, ‘பையனுக்குச் சளி இருக்கு’.

எவ்வளவு, எப்போது என்று கேட்பது

அண்ணாச்சி: செட் எல்லாம் வேண்டாம்மா. ரெண்டே மாத்திரை தாரேன். இது பாராசிட்டமால், 650 மில்லிகிராம். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் இது போதும்.

வந்தவர்: எத்தனை வேளை சாப்பிடணும்?

அண்ணாச்சி: காய்ச்சல் இருந்தா மட்டும் ஒண்ணு. அடுத்தது ஆறு மணி நேரம் கழிச்சுத்தான். ஒரு நாளைக்கு நாலுக்கு மேல போகக் கூடாது.

வந்தவர்: சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

அண்ணாச்சி: ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடுங்க. ரசஞ்சோறு போதும்.

வந்தவர்: ரெண்டாப் போட்டா சீக்கிரம் விடுமா?

அண்ணாச்சி: விடாது. அளவுக்கு மேல போனா ஈரல்தான் கெடும். இன்னொண்ணு, வீட்டுல சளி மாத்திரை ஏதும் வச்சிருக்கீங்களா?

வந்தவர்: ஒரு அட்டை கிடக்கு.

அண்ணாச்சி: அதைத் தொடாதீங்க. பல சளி மாத்திரையில உள்ளேயே பாராசிட்டமால் இருக்கும், கணக்கு ரெட்டிப்பாயிரும். பிரஷரை ஏத்துற மருந்தும் சிலதுல உண்டு. மூக்கு ஒழுகுறதுக்கு இந்தச் சின்ன மாத்திரை, செட்டிரிசின் 10 மில்லிகிராம். ராத்திரிக்கு ஒண்ணு, மூணு நாள்.

வந்தவர்: தூக்கம் வருமா?

அண்ணாச்சி: வரும். போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க.

வந்தவர்: போன தடவை டாக்டர் ஒரு கேப்சூல் எழுதினாங்க அண்ணாச்சி. அதுல நாலு குடுங்களேன், ஒரே நாள்ல கேட்டுச்சு.

அண்ணாச்சி: சீட்டு இருக்கா?

வந்தவர்: தொலைஞ்சு போச்சு.

அண்ணாச்சி: அப்பம் தர முடியாதும்மா. அட்டையில இந்தச் சிவப்புக் கோடு பாருங்க. இது டாக்டர் சீட்டு இருந்தாத்தான். அதோட சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ், அதுக்கு இந்தக் கேப்சூல் கேக்காது.

வந்தவர்: சரி. ஒரு தடவை நான் சொல்லிப் பாக்கட்டுமா?

அண்ணாச்சி: சொல்லுங்க.

வந்தவர்: பெரிய மாத்திரை, காய்ச்சல் இருந்தா ஒண்ணு. சாப்பிட்ட பிறகு. ஆறு மணி நேரம் இடைவெளி. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல கூடாது. சின்னது ராத்திரி மட்டும், மூணு நாள்.

அண்ணாச்சி: அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் ‘ஒரு தடவை நான் சொல்லிப் பாக்கட்டுமா?’ என்பதைச் செய்யுங்கள். கடையில் நாலு பேர் நிற்கும்போது கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். எண்கள் காதில் தவறி விழுவது தாய்மொழிக்காரர்களுக்கும் நடப்பதுதான்.

பையனுக்கு

வந்தவர்: பையனுக்கும் காலையில இருந்து காய்ச்சல். இந்த மாத்திரையில பாதி குடுக்கலாமா?

அண்ணாச்சி: கூடாது. வயசு என்ன? எடை எவ்வளவு?

வந்தவர்: அஞ்சு வயசு. எடை 16 கிலோ. போன வாரம்தான் பள்ளிக்கூடத்துல பாத்தாங்க.

அண்ணாச்சி: எடை தெரிஞ்சது நல்லதாப் போச்சு. பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்னு கணக்கு. இந்த சிரப்புல 5 மில்லியில 250 மில்லிகிராம் மருந்து இருக்கு. உங்க பையனுக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி.

வந்தவர்: ஒரு ஸ்பூன்னு வச்சுக்கலாமா?

அண்ணாச்சி: அடுக்களை ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு அளவு. மூடிக் கூட அளவுக் கோப்பை இருக்கு, அதுல கோடு பாத்து ஊத்துங்க. பாட்டிலை நல்லாக் குலுக்கிட்டு ஊத்தணும்.

வந்தவர்: எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை?

அண்ணாச்சி: ஆறு மணி நேரம். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம்.

வந்தவர்: வீட்டுல இதே கம்பெனி சிரப் பழசு ஒண்ணு பாதி இருக்கு.

அண்ணாச்சி: அதைத் தூரப் போடுங்க. அது 120 மில்லிகிராமா 250 மில்லிகிராமான்னு தெரியாம ஊத்தினா அளவு மாறிரும்.

வந்தவர்: இருமுறான். இருமலுக்கு ஏதும்?

அண்ணாச்சி: டாக்டர் பாக்காம பிள்ளைக்கு இருமல் மருந்து தர மாட்டேன். வெதுவெதுன்னு தண்ணி குடுங்க, கஞ்சி குடுங்க. மழைக்காலம், கொசு வேற. 2012ல நம்ம மாவட்டத்துல டெங்கு என்ன பாடு படுத்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும்.

வந்தவர்: பயமுறுத்தாதீங்க அண்ணாச்சி. எப்பம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

அண்ணாச்சி: ரெண்டு நாள்ல விடலைன்னா ரத்தம் பாத்துருங்க. ஓயாம வாந்தி, கடுமையான வயித்து வலி, ஈறுல மூக்குல ரத்தம், பிள்ளை சோர்ந்து சோர்ந்து விழுறது, ஒண்ணுக்குப் போகாம இருக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். நேரே ஹைகிரவுண்டு போயிருங்க. வண்டி இல்லைன்னா 108.

வந்தவர்: காய்ச்சல் விட்டுருச்சுன்னா பயமில்லையே?

அண்ணாச்சி: டெங்குவா இருந்தா காய்ச்சல் இறங்குற நேரத்துலதான் கவனிக்கணும். அப்புறம், காய்ச்சல் என்னன்னு தெரியுற வரைக்கும் ஐபுபுரூபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.

வந்தவர்: சரி. எவ்வளவு ஆச்சு?

அண்ணாச்சி: அறுபத்திரண்டு ரூபா.

வந்தவர்: சில்லறை இல்ல. ஜிபே பண்ணட்டுமா?

அண்ணாச்சி: பண்ணுங்க. பில்லை வாங்கிக்கோங்க.

அண்ணாச்சி ‘ஹைகிரவுண்டு’ என்றது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. பாளையங்கோட்டையில் ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நீங்களே பேசிப் பாருங்கள்

கீழே இருப்பது சின்னப் பேச்சு. ஒருவர் அண்ணாச்சியாகவும் ஒருவர் வந்தவராகவும் இருந்து படியுங்கள். பிறகு ஆளை மாற்றி, ‘எங்க ஆச்சிக்கு’, ‘எங்க தம்பிக்கு’ என்று தொடங்கிப் பேசுங்கள். ஆச்சி என்றால் அண்ணாச்சி சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்று கட்டாயம் கேட்பார். அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்: அண்ணாச்சி, காலையில இருந்து வயித்தால போகுது.

அண்ணாச்சி: எத்தனை தடவை போச்சு?

வந்தவர்: நாலு தடவை. தண்ணியாப் போகுது.

அண்ணாச்சி: ரத்தம், சளி ஏதும் கலந்து போகுதா? காய்ச்சல் இருக்கா?

வந்தவர்: இல்ல.

அண்ணாச்சி: அப்பம் ஓஆர்எஸ் பாக்கெட் தாரேன். இது பெரிய பாக்கெட், முழுசையும் ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும். கொதிக்க வச்சு ஆறின தண்ணி.

வந்தவர்: ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போடலாமா?

அண்ணாச்சி: கூடாது, அளவு தப்பிரும். ஒரு டம்ளருக்குன்னா இந்தச் சின்னப் பாக்கெட் வாங்கிக்கோங்க, இது 200 மில்லி தண்ணிக்கு.

வந்தவர்: பெரியதே குடுங்க. எப்படிக் குடிக்கணும்?

அண்ணாச்சி: ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு டம்ளர், மெதுவாக் குடிங்க. 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிட்டுப் புதுசாக் கரைங்க.

வந்தவர்: ஃப்ரிட்ஜ்ல அந்த டப்பா ஜூஸ் இருக்கே, அது ஆகாதா?

அண்ணாச்சி: அதுல சர்க்கரைதான் கூட. அதைக் குடிச்சா இன்னும்தான் போகும்.